மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு

அவரோடு ஒரே வேனில் போய்வந்த காலத்தில் எனக்குப் பிடித்த பாட்டுகள் பல நாசமாய்ப் போயின. என் கல்யாணத்தில் போட்ட பாட்டே போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லும்போது நம்புவீர்கள்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்குத் தினமும் காலையில் ஒரு வேன் இறங்கும். ஓட்டுகிறவர் நிமல். சிங்களவர், கினிகத்தேனைக்காரர், எங்களோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ் பேசுவார். நான் கணித ஆசிரியன் என்பதால் வேனில் எனக்குப் பெயர் ‘சேர்’. துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் எல்லாருக்கும் ‘நானா’. டிரைவருக்குப் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர் ‘மிஸ்’. அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழில் எழுதுவதும், தமிழில் வரும் மனுக்களைச் சிங்களத்தில் எழுதுவதும் அவர் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து படித்து மேலே வந்தவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். கைப்பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய் இருக்கும். வட்டவளை வளைவுகளில் யாருக்காவது தலை சுற்றினால் கேட்காமலே நீட்டுவார்.

நிமலின் வேனில் தமிழ்ப் பாட்டுத்தான் ஓடும். அர்த்தம் தெரியாமலே கேட்டு ரசிக்கிற மனுஷன். பின்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கும்போது சும்மா இருப்பாரா? “மிஸ், இந்தப் பாட்டு என்னா சொல்றது?” என்று கேட்பார். அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

மிஸ் பாட்டின் வரிகளைப் பாடமாட்டார். சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் சொல்லுவார். ஏற்ற இறக்கம் இல்லாமல், இழுக்காமல், ‘இத்தால் சகலருக்கும் அறியத்தருவது’ என்கிற மாதிரி. எவ்வளவு உருக்கமான பாட்டாக இருந்தாலும் அந்தக் குரலில் கேட்டால் சிரிப்பு வந்துவிடும். நான் ஒருநாள் சிரித்தே விட்டேன்.

“சிரிக்காதீங்க சேர். மெட்டைக் கழட்டி வெச்சிட்டு வாங்க. மெட்டு போட்டிருந்தா எந்த வார்த்தையும் அழகாத்தான் தெரியும். மொதல்ல வார்த்தை என்னா சொல்லுதுன்னு பாப்போம். பொறவு மெட்டை மாட்டிக்கலாம்.”

அதுதான் அவருடைய முதல் விதி. இரண்டாவது விதி பெரட்டு. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டுத்தான். பாட்டில் வந்து நிற்கிற ஒவ்வொரு சொல்லையும் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். “நிலா வந்திருக்கு. நிலாவுக்கு என்னா வேலை?” என்று கேட்பார். வேலை இருந்தால் அந்த நிலா பாட்டில் இருக்கலாம். இல்லையென்றால் அது சும்மா பேர் பதிந்துவிட்டு மரத்தடியில் உட்கார வந்த நிலா.

என் கல்யாணப் பாட்டுக்கும் அதுதான் நடந்தது. அதில் நிலா, தென்றல், குயில், தேன் எல்லாம் ஒரே மூச்சில் வரும். மிஸ் நிலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சூரியனை வைத்தார். வரி அசையவில்லை. குயிலை எடுத்துவிட்டு மைனாவை வைத்தார். அதுவும் பொருந்திக்கொண்டது. “எதை வெச்சாலும் நிக்குதுன்னா, அங்க எதுவுமே நிக்கலன்னு அர்த்தம் சேர்” என்றார். அன்று பள்ளிக்கூடத்தில் பின்னங்களைக் கூட்டிக் காட்டும்போதுகூட எனக்கு அந்த மைனாதான் ஞாபகம் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி, “அந்த மிஸ்ஸுக்கு வேற வேலை இல்லியா?” என்றாள். நியாயமான கேள்வி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்காத பாட்டைத் தாக்குகிற குணம் அவருக்குக் கிடையாது. மட்டமான பாட்டு என்று நாங்கள் ஒதுக்கிய குத்துப்பாட்டு ஒன்றில் ‘சந்தை கலைஞ்ச பின்னாலே சாக்கு மடிக்கிற கை போல’ என்று ஒரு வரி வந்தது. கேட்டதும் வேனை ஓரம் கட்டச் சொல்லாத குறை. “சாக்கு மடிக்கிற கையைப் பாத்திருக்கீங்களா? அவசரமும் இருக்காது, ஆசையும் இருக்காது. வித்ததும் விக்காததும் அந்த மடிப்புல தெரியும். சந்தைக்குப் போன ஆள்தான் இதை எழுத முடியும்” என்று கினிகத்தேனை வரும்வரை அந்தச் சாக்கை விடவில்லை. மெட்டிலே பெயர் கெட்ட பாட்டுக்கும் அவரிடம் நீதி கிடைக்கும்.

மெட்டுக்கு அவர் விரோதியும் இல்லை. மெட்டு முதலில் வந்து, சொல் பின்னால் வந்து உட்காருகிற வேலை அது என்பதை மறக்கவே மாட்டார். இசை நீட்டி இழுக்கிற இடத்தில் நெடில் வேண்டும், குறிலை வைத்தால் பாடுகிறவனுக்கு மூச்சு முட்டும். அதனால் வரி முடிகிற இடத்தில் ‘அன்பே’, ‘பெண்ணே’, ‘கண்ணே’ என்று எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். “அந்த எடத்துல வர்ற சொல்லை வெச்சுக் கவிஞரைத் தூக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. அது மெட்டு கேட்ட வாடகை” என்பார்.

மூன்றாவது விதியில் அகப்பட்டுக்கொண்டவர் நானா. புதுக்கடை திறக்கப்போகிறார் என்று பெரிய பேனர் ஒன்று அடித்துக்கொண்டு வேனில் ஏற்றினார். சினிமாப் பாட்டு வரி ஒன்று கொட்டை எழுத்தில். ‘உதித்தாயே என் கிழக்கினிலே.’

மிஸ் பார்த்தார். “நானா, அடுத்த வரி என்னா?”

நானா யோசித்தார். வாய்க்குள் பாடிப் பார்த்தார். முகம் மாறியது. அடுத்த வரி ‘மறைவதற்கென்றே உதித்தாயோ.’

“அது பேனர்ல இல்லியே மிஸ்” என்றார் நானா.

“பேனர்ல இல்ல. ரோட்டுல போற எல்லார் வாயிலயும் இருக்கு. நீங்க ஒரு வரி மாட்டுவீங்க, அவங்க ரெண்டாவது வரியைப் பாடிக்கிட்டே போவாங்க. பாட்டை முழுசா வாசிக்கணும் நானா. பாதியை வெட்டி எடுத்து இதுதான் பாட்டுன்னு சொல்லக்கூடாது.”

நானா அந்தப் பேனரைக் கடைசிவரை மாட்டவில்லை. புடவைக் கட்டுகளுக்கு மேலே தூசி படாமல் போர்த்தி வைத்திருந்தார். எழுத்து உள்பக்கமாக.

இப்படியாக எங்கள் எல்லாருக்கும் அவர்மேல் ஒரு பயம் இருந்தது. அதிகமாகப் பயந்தவர் நிமல்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு ஒரு பாட்டின்மேல் உயிர். வேன் ஹட்டன் தாண்டியதும் அதைப் போடுவார். கூடவே பாடுவார். உச்சரிப்பு அப்படி இப்படி இருந்தாலும் குரல் நல்ல குரல். மற்ற எல்லாப் பாட்டுக்கும் அர்த்தம் கேட்கிற மனுஷன் அந்தப் பாட்டுக்கு மட்டும் கேட்டதே இல்லை. மிஸ்ஸும் தானாகச் சொன்னதில்லை. கேட்காத பாட்டை அவர் தொடமாட்டார்.

நிமலின் மகள் தில்ஹானி பொல்பிட்டியவில் வேலை பார்த்தாள். அங்கே உடன் வேலை பார்த்த சசி என்ற பையனை விரும்பினாள். சசி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவன் அம்மா கொழுந்து பறித்து வளர்த்த ஒரே மகன். இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுக் கடைசியில் சம்மதித்தார்கள். கல்யாணம் கினிகத்தேனை மண்டபத்தில் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் நிமல் வேனில் சொன்னார். “மிஸ், எங்க சிங்களக் கல்யாணத்துல, கடைசியில பொண்ணு வேற உடுப்பு மாத்திக்கிட்டு மாப்பிளையோட போறது. கோயிங் அவே. அந்த நேரம் நான் பாடப் போறேன். தமிழ்ல. அந்தப் பாட்டுத்தான். தோட்டத்து ஆளுங்க எல்லாம் வருவாங்க. அவங்க மொழியில நான் மகளை அனுப்பணும். வேற தமிழ் எனக்கு இல்ல.”

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. வேற தமிழ் எனக்கு இல்ல. கையிலிருக்கிற ஒரே நல்ல சாமானை எடுத்துக் கொடுக்கிற குரல். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

இரண்டு நாள் கழித்து நிமல் பாட்டே போடாமல் வேனை ஓட்டினார். வட்டவளையில் நானாதான் கேட்டார், என்ன விஷயம் என்று. சசி தொலைபேசியில் பேசியிருக்கிறான். அவன் அம்மா அந்தப் பாட்டு வேண்டாம் என்கிறார்களாம். அப்படியே பாடினால் எழுந்து வெளியே போய்விடுவேன் என்கிறார்களாம்.

“ஏன் சேர்? நான் சிங்களம், அதுக்கா?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். நானாவுக்கும் தெரியும். சொல்லத்தான் வெட்கம். அந்தப் பாட்டுப் படத்தில் எப்படி வருகிறது என்று தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். நீர்வீழ்ச்சியின் அடியில் கதாநாயகன் கதாநாயகியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பாடுவான். இருவரும் பாட்டு முழுக்க நனைந்தபடி இருப்பார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதைக் ‘குளிக்கிற பாட்டு’ என்றுதான் சொல்வார்கள். நிமல் படம் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தது வேனில் ஓடும் சத்தம் மட்டும். சசியின் அம்மாவுக்கு அந்த மெட்டு கேட்டதும் கண்ணுக்குள் அந்தக் குளியல் வந்திருக்கும். சம்பந்தி மேடையில் நின்று பெற்ற மகளைப் பார்த்து அதைப் பாடினால், லயத்து ஆட்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அதற்குத்தான் அந்த அம்மா பயந்தார்.

நானா சுற்றி வளைத்து ஒருமாதிரி சொல்லி முடித்தார். நிமலின் காது சிவந்துவிட்டது. “இவ்வளவு வருஷம் நான் இதைப் போட்டுக்கிட்டுப் பொம்பளப் புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனேனா?” என்றார். பிறகு மெதுவாக, “மிஸ், நீங்க சொல்லுங்க. இத்தனை நாளா பயந்து கேக்கல. கேட்டா பாட்டுக் கெட்டுப் போயிடும்னு பயம். இப்ப எப்படியும் கெட்டுப் போச்சு. அதுல என்னா இருக்கு?”

மிஸ் இஞ்சி மிட்டாயை வாயிலிருந்து எடுத்து உறையில் சுற்றி வைத்தார். பல்லவியைச் சொன்னார், அதே சுற்றறிக்கைக் குரலில்.

வாசலில் உன் காலடி ஈரம்
காயும் முன்னே கிளம்புகிறாய்
வானம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு
வழியில் மழைதான் கண்மணியே

“இதுல நீர்வீழ்ச்சி எங்க இருக்கு?” என்றார். “யாராச்சும் காட்டுங்க.”

யாராலும் காட்ட முடியவில்லை. இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் அருவியே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

“காலடித் தடம்னு எழுதியிருக்கலாம், காலடிச் சுவடுன்னு எழுதியிருக்கலாம். எல்லாப் பாட்டுலயும் அப்படித்தான் வரும். இவரு ஈரம்னு போட்டிருக்காரு. தடம் நிக்கும். ஈரம் காஞ்சிடும். தடம்னு போட்டா இது ஞாபகம். ஈரம்னு போட்டா இது நேரம். அந்த வாசப்படி காயறதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கணும். அந்த அவசரத்துலதான் பாட்டு நடக்குது.”

நிமலுக்காக அதைச் சிங்களத்திலும் சொன்னார். நிமல் தலையசைத்தார்.

“அடுத்தது, அது யாரோட வாசல்? ரோட்டுல, பார்க்குல சந்திக்கிறவனுக்குக் காலடி ஈரம் தெரியாது. வீட்டுக்குள்ள நிக்கிற ஆளுக்குத்தான் படியில ஈரம் தெரியும். கிளம்புகிறாய்னு சொல்றாரு. பிரிகிறாய்னு சொல்லல. பிரியறது பாட்டுச் சொல்லு. கிளம்பறது வீட்டுச் சொல்லு. ‘கிளம்பிட்டியா, டிபன் எடுத்தியா’ன்னு கேக்கற சொல்லு.”

“அப்ப, ‘பொறுக்கச் சொல்லு’ன்னா?” என்று நான் கேட்டேன். எனக்கே தெரியாமல் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டேன்.

“நிக்கச் சொல்லுன்னா அதிகாரம். பொறுக்கச் சொல்லுன்னா வேண்டுதல். அதுவும் இவரு நேரா வானத்துக்கிட்டச் சொல்லல. நீ சொல்லுங்கறாரு. நான் சொன்னா மழை கேக்காது, நீ சொன்னா கேக்கும்னு நம்பற ஆளு. சத்தத்தையும் பாருங்க. வாசல், வானம், வழி, மூணு வரியும் வகரத்துல தொடங்கி வாசல்லயே நிக்குது. காலடி, காயும், கிளம்புகிறாய், இந்த ககரம் மட்டும் படி எறங்கிப் போகுது.”

நானா உற்சாகமாகிவிட்டார். “கண்மணியேன்னு வருதே! அது புள்ளையைக் கூப்புடற சொல்லுத்தானே?”

“அதைச் சேக்காதீங்க நானா. ஏகாரத்துல இழுக்கறதுக்கு மெட்டு கேட்டு வாங்கின சொல்லா இருக்கலாம். காதலனும் கூப்புடுவான், அப்பாவும் கூப்புடுவாரு. அதை வெச்சுத் தீர்ப்பு சொல்லக்கூடாது. சரணத்தைப் பாருங்க.”

ஒரு குடைதான் வீட்டில் உண்டு
உன் கையிலே கொடுத்துவிட்டேன்
நனைவது எனக்குப் புதிதில்லை
நடுவழியில் நினைக்காதே

“சினிமாவுல ஒரு குடை வந்தா என்னா நடக்கும்?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து நிப்பாங்க” என்றேன்.

“அதுக்குத்தானே அந்தக் குடையே வருது? ஒரே குடை கெடச்சா காதலன் அதைக் குடுத்து அனுப்புவானா? இந்த ஆளு குடுத்து அனுப்பிட்டு உள்ள நிக்கிறாரு. நனையறது புதுசில்லங்கறாரு. எத்தனையோ மழைக்கு இப்படிக் குடுத்து அனுப்பியிருக்காரு. கடைசியில என்னா கேக்கறாரு? காதலன் என்னா கேப்பான்? மறக்காதேம்பான். நெனைச்சுக்கோம்பான். இவரு நெனைக்காதேங்கறாரு. பாதி வழியில என்னைய நெனைச்சா உனக்கு நடக்க முடியாது, அதனால நெனைக்காதே.”

நிமல் சிங்களத்தில் கேட்டு முடித்ததும் வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டார். இறங்கிப் போய் டயரைப் பார்க்கிறவர்போல் குனிந்து நின்றார். டயரில் ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து ஏறியபோது முகம் தெளிவாக இருந்தது. “அப்ப இது அப்பா பாட்டு! சசி அம்மாகிட்டச் சொல்லலாம். மிஸ் சொன்னாங்கன்னு சொல்லலாம்.”

எல்லாருக்கும் மகிழ்ச்சி. மிஸ்ஸைத் தவிர. “ரெண்டாவது சரணம் இருக்கே நிமல்” என்றார்.

இதழின் ஓரம் நின்ற துளி
எனக்கே என்று விழுந்திடுமோ
இடையைத் தழுவும் காற்றிடமே
ஏனோ எனக்குப் பொறாமையடி

எனக்கு அவர்மேல் உண்மையாகவே ஆத்திரம் வந்தது. இதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். நிமலுக்கு அர்த்தமா தெரியப்போகிறது?

“இதுல வீடு இல்ல, வாசல் இல்ல, குடை இல்ல” என்றார். “அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கூப்பிட்ட ஆளுங்க யாரும் இந்தப் பெரட்டுக்கு வரல. எல்லாம் கடையில தொங்குற சொல்லு. ஏன் இப்படின்னு எனக்குத் தெரியாது. படக்காரங்க கேட்டிருக்கலாம், கவிஞரே விரும்பியிருக்கலாம். எப்படி வந்தாலும் இதுவும் பாட்டுத்தான். இதை ஒரு அப்பா சொல்ல முடியாது. இதை வெச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா மொத சரணத்துல குடை குடுத்தவனும் காதலனாத்தான் தெரியுறான். முழுப் பாட்டையும் அப்பா பாட்டுன்னு நான் சொன்னா அது பொய்.”

“பொய்தான் சொல்லுங்களேன் மிஸ்!” என்று கத்தினேன். “ஒரு கல்யாணத்துக்குத்தானே!”

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிமல் வேனை எடுத்தார். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேனில் பாட்டு இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய்வந்தோம். மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி வந்தார். வரிகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் வேன் புறப்படுவதற்கு முன்பே பேசினார். “நிமல், நீங்க பாடுங்க. பல்லவியும் மொத சரணமும். அதோட நிறுத்திக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் மைக்குல பேசுவேன். முழுப் பாட்டு காதல் பாட்டுன்னு சொல்லுவேன். அதுல பாதியை இன்னிக்கு ஒரு அப்பா எரவல் வாங்குறாருன்னு சொல்லுவேன். அந்த வரிகளை வாசிச்சும் காட்டுவேன்.”

நானாவுக்குப் பொறுக்கவில்லை. “பாதியை வெட்டக்கூடாதுன்னீங்களே மிஸ்? என் பேனரு இன்னும் புடவை மேல கெடக்கு!”

“நீங்க பாதியை முழுசுன்னு மாட்டப் பாத்தீங்க நானா. நான் பாதின்னு சொல்லிட்டுப் பாதியைக் குடுக்கறேன். எரவல் வாங்கறதுல தப்பில்ல. நம்மளுதுன்னு சொல்லிக்கறதுதான் தப்பு.”

சசியின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். “என்னமோ செய்யிங்க. நான் வெளிய போயிருவேன்” என்று அதே பதில்தான் வந்தது. மாப்பிள்ளையின் தாய் மண்டபத்தைவிட்டு எழுந்து போவதென்றால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் சேர்ந்ததே நேற்றுத்தான்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒரு பக்கம் நிமலின் சொந்தங்கள், மறு பக்கம் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். நடுவில் போகவர வழி. அந்த வழியைத் தாண்டிப் பேசிக்கொண்டவர்கள் குறைவு. சாப்பாடு முடிந்தது. தில்ஹானி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து சசியின் பக்கத்தில் நின்றாள். பேண்ட்காரர்கள் அந்தப் பாட்டின் தொடக்க இசையை ஒரு தரம் வாசித்துச் சரிபார்த்தார்கள். அவ்வளவுதான், பின்வரிசை இளந்தாரிகள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த சசியின் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

மிஸ் பேண்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மைக்கை வாங்கினார்.

“இது காதல் பாட்டு. படம் பாத்தவங்களுக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தார். சிரிப்பு எழுந்தது. “இதுல பாதியைத்தான் பொண்ணோட அப்பா இன்னிக்குப் பாடப்போறாரு. அவரு படம் பாக்கல. நீங்களும் ஒரு நிமிஷம் படத்தை மறந்துட்டுக் கேளுங்க.” இதைச் சிங்களத்திலும் சொன்னார்.

பிறகு வரிகளைச் சொன்னார். மெட்டில்லாமல். ஒவ்வொரு வரியும் தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தடம் என்றும் ஈரம் என்றும் பிரித்துக் காட்டவில்லை. வாசலில் உன் காலடி ஈரம். ஒரு குடைதான் வீட்டில் உண்டு. கொழுந்து மலையில் மழைக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்த பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே குடை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடைவரி வந்தபோது ஒரு பெண் ‘ம்’ என்று சத்தமாகவே சொன்னார். இளந்தாரிகள் பக்கம் அமைதியாகிவிட்டது. சசியின் அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இருந்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

நிமல் பாடினார். ‘ழ’ அவருக்கு வராது. வழி ‘வலி’யாகவும் மழை ‘மலை’யாகவும் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துப் பாட முடியாமல் மேலே கூரையைப் பார்த்துப் பாடினார். குடையைக் கொடுத்தார். நனைவது புதிதில்லை என்றார். கடைசி வரிக்கு வந்து, நடுவழியில் நினைக்காதே என்று இழுத்து முடித்துவிட்டு நிறுத்தினார்.

பேண்ட்காரர்களுக்கு நிறுத்தச் சொன்னது மறந்துபோய், இரண்டாவது சரணத்துக்கான இடையிசையை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நிமல் மைக்கோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். இதழும் இடையும் வரப்போகிற இடம் அது.

அப்போதுதான் சசியின் அம்மா, நாற்காலியைப் பிடித்தபடியே, மலையில் எட்டத்து ஆளைக் கூப்பிடுகிற குரலில் சத்தம் போட்டார்.

“நெனைக்கட்டும்ண்ணே! நடுவழியில என்னா, எங்க வீட்டுக்கு வந்தும் நெனைக்கட்டும்! நெனைக்கறப்பல்லாம் நான் அனுப்பி வெக்கிறேன்!”

பேண்ட் நின்றுவிட்டது. நிமலுக்கு அவ்வளவு வேகமான தமிழ் பிடிபடவில்லை. மிஸ் மேடைக்குக் கீழே நின்றபடியே, மைக் இல்லாமல், அதைச் சிங்களத்தில் உரக்கச் சொன்னார். ‘அண்ணே’ என்றதையும் விடவில்லை. மண்டபத்தின் அந்தப் பக்கமும் அதைக் கேட்டது. நிமல் மேடையில் நின்று ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேண்ட்காரர்களைப் பார்த்து, முதல் சரணத்தையே மறுபடியும் எடுக்கச் சொன்னார்.

ஒரு குடைதான் வீட்டில் உண்டு என்று அவர் தொடங்கியபோது தோட்டத்துப் பெண்கள் கூடவே பாடினார்கள். இரண்டாவது சரணத்தை அங்கே யாரும் தேடவில்லை.